குரலில் வாக்குறுதி, எழுத்தில் நிபந்தனை: விளம்பரத்தின் எந்தப் பாதி யாருக்கு?

தொலைக்காட்சியில் அடிக்கடி வரும் வகையைச் சேர்ந்த ஒரு தங்கநகைக் கடன் விளம்பரத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். நீளம் 30 வினாடி. முதல் எட்டு வினாடிகளில் வீணையிசை மட்டும் ஒலிக்கிறது. திரையில் ஒரு பெண் மகளின் கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தன் வளையல்களைத் தொட்டுப் பார்க்கிறார். அடுத்த பன்னிரண்டு வினாடிகளில் கம்பீரமான ஆண்குரல்: "அவசரத் தேவையா? கவலையை விடுங்கள்! நூற்றுக்கு வெறும் 75 காசு வட்டி!" அந்நேரம் திரையின் அடியில், நகைகளின் பொன்னிறப் பளபளப்பின் மீது, வெள்ளை நிறத்தில் பொடியெழுத்தில் ஒரு வரி: "முதல் 3 மாதங்களுக்கு மட்டும், அதன்பின் நூற்றுக்கு 1.50 ரூபாய்." கடைசிப் பத்து வினாடிகளில் பாட்டு, நிறுவனத்தின் சின்னம், ஒரு தொலைபேசி எண். குரல் சொல்வது "இன்றே அழையுங்கள்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

இந்த விளம்பரத்தைப் பார்வையற்ற ஒருவர் கேட்கிறார். அவருக்கு வந்து சேர்வது 75 காசு வட்டி என்ற வாக்குறுதி. மூன்று மாதம் என்ற வரம்பு வந்து சேர்வதில்லை. கடன் தருவது யார், எந்த எண்ணை அழைப்பது என்பனவும் வருவதில்லை. காது கேளாத ஒருவர் அதையே பார்க்கிறார். பொடியெழுத்தை அவரால் படிக்க முடிந்தால், "முதல் 3 மாதங்களுக்கு மட்டும்" என்பது தெரியும். எது முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும் என்பது தெரியாது, ஏனெனில் அது குரலில் போய்விட்டது. ஒரே விளம்பரம் இருவரிடமும் பாதி பாதியாகப் பிரிந்து போகிறது. ஒருவருக்கு நிபந்தனை இல்லாத வாக்குறுதி. மற்றவருக்கு வாக்குறுதி இல்லாத நிபந்தனை.

இது பணத்தில் எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். ஒரு லட்சம் ரூபாய் கடனுக்கு 75 காசு வீதம் மாதம் 750 ரூபாய். ஆண்டு முழுவதும் அதே வட்டி என நம்பினால் 9,000 ரூபாய். நிபந்தனைப்படி முதல் மூன்று மாதங்களுக்கு 2,250, எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கு 13,500, ஆக 15,750 ரூபாய். கேட்டதை மட்டும் நம்பிய கடனாளிக்கு 6,750 ரூபாய் அதிகச் செலவு.

விளம்பரங்களின் அணுகல்தன்மை குறித்து இந்தியாவில் நடக்கும் குறைந்த அளவுப் பேச்சும் இப்பிரச்சினையைச் சமூக அக்கறை என்ற தலைப்பின் கீழேயே வைக்கிறது. நல்ல நிறுவனங்கள் நல்ல மனத்துடன் செய்யும் கூடுதல் பணியாக அது கருதப்படுகிறது. அது இருக்க வேண்டிய இடம் நுகர்வோர் சட்டம். ஏனெனில், மேற்கண்ட விளம்பரம் பார்வையற்றவரைப் பொறுத்தவரை ஒரு தவறான விளம்பரம். பார்வையுள்ளவருக்கு அந்த வரியே காட்டப்படாமல் போயிருந்தால் அதைத் தவறான விளம்பரம் என்று சொல்ல யாரும் தயங்கமாட்டார்கள்.

சட்டம் இந்த இடத்தில் என்ன சொல்கிறது என்பது கவனிக்கத்தக்கது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட, தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளில் பொறுப்புத்துறப்பு வரிகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. வாக்குறுதி எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்கிறது அது. நல்ல விதி. அடுத்து, வாக்குறுதி பின்னணிக் குரலில் வந்தால், நிபந்தனை அக்குரலுடன் ஒத்திசைந்து, அதே வேகத்தில் "காட்டப்பட" வேண்டும் என்கிறது. குரலில் வருவதற்கான நிபந்தனையைக் குரலில் சொல்லுமாறு கேட்காமல், திரையில் காட்டுமாறு கேட்கிறது. குரலையும் எழுத்தையும் இரு பாதிகளாகப் பிரிக்கும் வழக்கத்துக்கு விதியே இடம் கொடுத்துவிட்டது. இன்னும் ஒரு வாசகம் உண்டு: இயல்பான பார்வையுடைய ஒருவர், நியாயமான தொலைவிலிருந்து, நியாயமான வேகத்தில், ஒருமுறை படித்தாலே தெளிவாகத் தெரியும்படி நிபந்தனை அமைய வேண்டும். நுகர்வோர் என்பவர் யார் என்ற கேள்விக்கு இங்கே சத்தமில்லாமல் விடை சொல்லப்பட்டுவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உடையோராகப் பதிவானவர்கள் சுமார் 50 லட்சம் பேர், செவிக் குறைபாடு உடையோராகப் பதிவானவர்களும் ஏறக்குறைய அதே அளவு. இந்த வரையறைக்குள் பார்வைக் குறைபாடு உடையோருக்கு இடமில்லை. காட்டினால் போதும் என்ற விதி, காட்டப்படும் நிபந்தனை எதைப் பற்றியது என்று அறிய இயலாத காது கேளாதோரைக் கணக்கில் எடுக்கவே இல்லை. வயதின் காரணமாக மெல்ல மெல்லப் பார்வையும் செவியும் மங்கி, எந்தப் பதிவேட்டிலும் சேராத முதியோரைச் சேர்த்தால் வெளியே நிற்போரின் கூட்டம் இன்னும் பெரிது. நகைக்கடன் விளம்பரங்கள் குறிவைக்கும் வீடுகளில் அந்த முதியோர் அனைவரும் இருக்கிறார்கள்.

"இயல்பான பார்வை" என்ற அளவுகோல் நடைமுறையில் எவ்வளவு குறுகியது என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றமான ஆஸ்கி, பொறுப்புத்துறப்பு எழுத்துகளுக்குக் குறைந்தபட்ச உயரம் விதித்துள்ளது. 1080 வரிகள் கொண்ட உயர்தெளிவுப் படத்தில் 18 பிக்சல். அதாவது திரை உயரத்தில் அறுபதில் ஒரு பங்கு. 32 அங்குலத் தொலைக்காட்சியின் திரை உயரம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அதில் இந்த எழுத்தின் உயரம் சுமார் 6.6 மில்லிமீட்டர். கூடத்தின் மறுமுனையில், மூன்று மீட்டர் தொலைவில் அமர்ந்து பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். கண் மருத்துவர் 6/6 என்று குறிக்கும் பார்வை உடையவருக்கு, அத்தொலைவில் மிகச் சிறிதாகப் படிக்கக்கூடிய எழுத்தின் உயரம் சுமார் 4.4 மில்லிமீட்டர். அவரால் அந்த வரியைப் படிக்க முடியும். 6/9 பார்வை உடையவருக்கு 6.5 மில்லிமீட்டர் வேண்டும், விளிம்பில் தப்பிக்கிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வை என்று வரையறுக்கத் தொடங்கும் புள்ளி 6/18. அங்கே தேவை 13 மில்லிமீட்டர். விதி அனுமதிக்கும் எழுத்து தேவையானதில் பாதிதான். இதுவும் பார்வை அளவிடும் அறையின் கணக்கு: வெண்மையான அட்டையில் கன்னங்கறுத்த எழுத்து, நிதானமாகப் பார்க்க நேரம். நகரும் படத்தின் மீது சில வினாடிகளே தங்கும் வரிக்கு இதைவிடப் பெரிய எழுத்து தேவைப்படும்.

அந்த விதியில் மொழி ஆய்வாளர்களின் கண்ணில் படவேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஆஸ்கி அளக்கச் சொல்வது "சிற்றெழுத்தின்" உயரத்தை. ரோமன் எழுத்தில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற பிரிவு உண்டு. தமிழிலோ தேவநாகரியிலோ வங்காளியிலோ அது கிடையாது. தமிழ் வரியில் எதை அளப்பது? "ப" என்ற எழுத்தின் உடலையா, "கி"யின் கொக்கி உட்பட்ட முழு உயரத்தையா, "மு"வின் கீழிறங்கும் வளைவையும் சேர்த்தா? கொக்கியிலிருந்து கீழ்வளைவு வரை 18 பிக்சல் என்று வைத்துக்கொள்ளும் வடிவமைப்பாளர் விதியை மீறியவர் ஆகமாட்டார். ஆனால் எழுத்தின் உடல் அதைவிடக் கணிசமாகச் சிறுத்துவிடும். "க்"கும் "க"வும் வேறாவது ஒரு புள்ளியால்தான், அந்தப் புள்ளி திரையில் கரைந்துபோகும். இந்திய மொழிகளுக்கான விளம்பர விதியில், இந்திய எழுத்துமுறைகளுக்குப் பொருந்தாத ஓர் அளவு எத்தனையோ ஆண்டுகளாக உறுத்தாமல் இருந்துவருகிறது.

நிற வேறுபாட்டுக்கு வந்தால், அங்கே குழப்பத்துக்கே இடமில்லை. அளவுகோல் தயாராக உள்ளது. இணைய உள்ளடக்கத்துக்கான உலகளாவிய அணுகல் நெறிகள், எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் இடையிலான விகிதத்தை 1 முதல் 21 வரை அளக்கின்றன. வெள்ளைமீது வெள்ளை 1. வெள்ளைமீது கறுப்பு 21. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்பவை குறைந்தபட்ச அளவுகள். மேற்கண்ட விளம்பரத்தின் பொன்னிறத்தை `#FFD700` என்று வைத்துக்கொண்டால், அதன்மீது வெள்ளை எழுத்தின் விகிதம் வெறும் 1.4. அதே பொன்னிறத்தின் மீது கறுப்பு எழுத்தை வைத்தால் ஏறக்குறைய 15. நகைக்கடைகளுக்குப் பிடித்தமான அரக்குச் சிவப்பில், அதாவது `#800000` நிறத்தில், வெள்ளை எழுத்து 11-ஐ நெருங்கும். அழகியல் கெட்டுவிடும் என்ற வாதம் இங்கே எடுபடாது. பொன்னும் அரக்கும் அப்படியே இருக்கின்றன. எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும்.

விளம்பரப் படத்தில் சிக்கல் வேறிடத்தில் வருகிறது. பின்னணி நிலையானதல்ல. வரி தோன்றும்போது பின்னால் கருநீலப் புடவை இருந்திருக்கலாம். இரண்டு வினாடியில் வளையல் வந்து ஒளிரும். படத்தொகுப்பு அறையில் நிறுத்திவைத்துச் சரிபார்க்கும் சட்டகம் பெரும்பாலும் நன்றாகத் தெரியும் சட்டகமாகவே அமைந்துவிடுகிறது. அளக்க வேண்டியது வரி நிற்கும் காலம் முழுவதிலும் மிக மோசமான சட்டகத்தை. இந்த வேலையைத் தவிர்க்க எளிய வழி, எழுத்தின் பின்னால் ஒரே நிறத்தில் ஒளிபுகாத பட்டை ஒன்றை வைப்பது. நிழல், மெல்லிய வெளிக்கோடு போன்றவை பெரிய திரையில் உதவுவதுபோல் தோன்றும். கைப்பேசியில் சுருங்கும்போது எழுத்தோடு ஒட்டிக் கலங்கிவிடும்.

காது கேளாதோருக்கான வரிகளைப் பொறுத்தவரை, இணையத்தில் பழகிய தீர்வு தொலைக்காட்சிக்கு அப்படியே பொருந்தாது. இணையத்தில் வரிகள் தனிக் கோப்பாகச் செல்லும், வேண்டியவர் திறந்துகொள்ளலாம். விளம்பரமோ பல சேனல்களுக்கும், கேபிள், டிடிஎச், செயலிகள் ஆகியவற்றுக்கும் கைமாறிக் கைமாறிப் போகிறது. துணைக்கோப்பு கடைசி வரை உடன் வரும் என்று யாரும் உறுதி தரமுடியாது. ஆகவே வரிகளைப் படத்திலேயே பதித்துவிடுவதுதான் நம்பகமானது. அதற்குச் செலவு ஏறத்தாழ ஏதுமில்லை. 30 வினாடிக்குள் பேசப்படுவது நாற்பது, ஐம்பது சொற்கள்தான். கவனம் வேண்டியது இரண்டு இடங்களில். ஒன்று, பேச்சு வரியும் நிபந்தனை வரியும் திரையின் அடிப்பகுதிக்கே போட்டியிடும்; படப்பிடிப்புக்கு முன்பே இரண்டுக்கும் இடம் ஒதுக்காவிட்டால் ஒன்றன்மீது ஒன்று விழும். மற்றொன்று, பேச்சு வரியில் "75 காசு வட்டி" பெரிதாகவும் நிபந்தனை சிறிதாகவும் இருந்தால், காது கேளாதவரும் இப்போது ஏமாறும் வாய்ப்பைச் சமமாகப் பெறுகிறார் என்பதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை. இரண்டும் ஒரே வரியில், ஒரே அளவில் வரவேண்டும்.

எழுத்தை நாடாமல், குறைந்த செவித்திறனுடன் கேட்டே புரிந்துகொள்ள முயல்பவர்கள் பலர். வீட்டு முதியோரில் பெரும்பகுதி இவர்களே. இவர்களுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் பின்னணி இசை. அதே அணுகல் நெறிகள் தம் மிக உயர்ந்த படிநிலையில், பின்னணி ஒலி பேச்சைவிட 20 டெசிபல் குறைவாக இருக்கவேண்டும் என்கின்றன. வட்டி விகிதம் சொல்லப்படும் அதே நொடியில் மேளம் உச்சத்துக்குப் போகும் விளம்பரங்களைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது அதிகப்படியாகத் தோன்றலாம். முழு விளம்பரத்துக்கும் வேண்டாம். எண் சொல்லப்படும் நான்கைந்து வினாடிகளுக்கு இசையைத் தாழ்த்துவது ஒலிக்கலவைப் பொறியாளருக்கு ஒரு நிமிட வேலை.

பார்வையற்றோருக்கான ஒலி விவரிப்புதான் மிகக் கடினம் என்று எல்லோரும் கருதுவது. திரைப்படத்தில் வசனங்களுக்கு இடையிலான மௌனங்களில் விவரிப்பாளர் பேசுகிறார். 30 வினாடி விளம்பரத்தில் மௌனம் எங்கே இருக்கிறது? ஆனால் இந்தக் கேள்வி விளம்பரம் முடிந்த பிறகு கேட்கப்படுவதால்தான் கடினமாகிறது. எழுதும்போதே கேட்டால், விவரிப்பை உரையாடலுக்குள்ளேயே வைத்துவிடலாம். வீணையிசை மட்டும் ஒலித்த அந்த முதல் எட்டு வினாடிகளில் மகள் ஓடிவந்து, "அம்மா, காலேஜ்ல சீட் கெடச்சிருச்சு!" என்கிறாள். "இந்த வளையல வச்சு ஃபீஸ் கட்டிடலாம்டி" என்கிறார் தாய். படத்தில் எதுவும் மாறவில்லை. கதை முழுவதும் காதுக்கும் வந்துவிட்டது. அடுத்து ஆண்குரல்: "முதல் மூன்று மாதங்களுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து காசு வட்டி, அதன்பின் ஒன்றரை ரூபாய்." பத்துச் சொற்கள். "அவசரத் தேவையா? கவலையை விடுங்கள்!" என்ற வெற்றுச் சொற்களை நீக்கினால் பன்னிரண்டு வினாடிகளில் தாராளமாக அடங்கும். கடைசிப் பத்து வினாடிகளில் பாட்டைப் பாதியாகச் சுருக்கி, நிறுவனத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நிறுத்திச் சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை என இருமுறை ஓட்டி, இரு முறையும் கடன் தருபவர் யார், வட்டி எவ்வளவு, எதுவரை, எண் என்ன என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைக்கிறதா என்று பார்த்தால், விளம்பரம் தேறியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

விளம்பர நிறுவனங்கள் இதற்குச் சொல்லக்கூடிய மறுப்பு எதிர்பார்க்கக்கூடியதே: ஒவ்வொரு வினாடிக்கும் விலை உண்டு; நிபந்தனையை வாய்விட்டுச் சொன்னால் விளம்பரத்தின் வேகம் போய்விடும். இந்த மறுப்புக்கு இந்தியத் தொலைக்காட்சியிலேயே பதில் இருக்கிறது. பரஸ்பர நிதி விளம்பரங்களின் முடிவில் வரும், சந்தை அபாயத்தைப் பற்றிய எச்சரிக்கை வாக்கியத்தை அறியாதவர் யாருமில்லை. அது எழுத்திலும் வரவேண்டும், குரலிலும் வரவேண்டும், தெளிவாகக் கேட்கவேண்டும் என்று செபி விதித்தது. ஆங்கிலத்தில் 14 சொற்கள் கொண்ட அந்த எச்சரிக்கைக்குக் குறைந்தது ஐந்து வினாடி என்ற அளவையும் எடுத்துக்காட்டாகத் தந்தது. அதனால் அத்துறை விளம்பரம் செய்வதை நிறுத்திவிடவில்லை. 2022-இல் கிரிப்டோ உள்ளிட்ட மெய்நிகர்ச் சொத்துகளின் விளம்பரங்களுக்கு ஆஸ்கியும் இதே வழியைப் பின்பற்றியது: வெற்றுப் பின்னணியில் எழுத்து, இயல்பான வேகத்தில் குரல், குறைந்தது ஐந்து வினாடி. பார்வையற்றோரையோ காது கேளாதோரையோ மனத்தில் வைத்து இவை எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. முதலீட்டாளர் ஏமாறக்கூடாது என்பதே நோக்கம். அந்நோக்கத்தை நேர்மையாகப் பின்தொடர்ந்தபோது அணுகல்தன்மை தானாகவே வந்து சேர்ந்தது. நகைக்கடனுக்கும், மருத்துவக் காப்பீட்டுக்கும், தவணை விற்பனைக்கும் ஏன் அது கூடாது என்பதற்குக் கொள்கையளவில் விடை எதுவும் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 42-ஆம் பிரிவில் ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. விளம்பரம் நீங்கலாக என்று அதில் சொல்லப்படவில்லை. ஆனால் செவித்திறன் குறைந்தோருக்கான தொலைக்காட்சி அணுகல் தரங்களைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் வெளியிட்டபோது, நேரலை விளையாட்டு, நேரலைச் செய்தி ஆகியவற்றுடன் விளம்பரங்களுக்கும் விலக்கு அளித்தது. நேரலைக்கு விலக்கு தருவதில் ஒரு நியாயம் உண்டு. அடுத்த நொடி யார் என்ன பேசுவார் என்று தெரியாது. விளம்பரம் அதற்கு நேரெதிர். வாரக்கணக்கில் எழுதி, சட்டகம் சட்டகமாகத் தொகுத்து, நூறு முறை திரும்பத் திரும்ப ஒளிபரப்பாவது. வரிகள் சேர்ப்பதற்கு மிக எளிதான உள்ளடக்கம் எதுவோ அதற்கே விலக்கு. மணிக்கு 12 நிமிடம் விளம்பரத்துக்கு விதி இடம் தருகிறது; அந்த 12 நிமிடமும் காது கேளாதவருக்கு வெறும் வண்ணப்படம். அமெரிக்காவிலும் ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட விளம்பரங்களுக்கு வரிகள் கட்டாயமில்லை என்பது உண்மைதான். அங்கே செய்த தவறு இங்கே முன்னுதாரணமாக வேண்டியதில்லை.

2024 நவம்பர் 8-ஆம் நாள் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கப் பணித்தது. கட்டாயத் தரங்கள் எழுதப்படும் மேசையில் 2019-இன் விலக்குப் பட்டியல் அப்படியே நகலெடுக்கப்படுமா, விளம்பரம் அதிலிருந்து நீக்கப்படுமா என்பதே இப்போதைய கேள்வி. 2022 வழிகாட்டு நெறிகளிலும் மாற்றவேண்டியவை சில சொற்கள்தான். வாக்குறுதி குரலில் வந்தால் நிபந்தனை "காட்டப்பட" வேண்டும் என்பதை, எந்தெந்த வழியில் வாக்குறுதி வருகிறதோ அந்தந்த வழியிலெல்லாம் நிபந்தனையும் வரவேண்டும் என்று மாற்றலாம். வாக்குறுதி குரலில் மட்டும் வந்தாலும் எழுத்திலும், எழுத்தில் மட்டும் வந்தாலும் குரலிலும் இரண்டும் சேர்ந்து வரவேண்டும் என்பதைக் கடன், காப்பீடு, மருந்து போன்றவற்றுக்கேனும் கட்டாயமாக்கலாம். "இயல்பான பார்வையுடைய" என்ற அடைமொழியின் இடத்தில் 6/18 பார்வை உடைய ஒருவரை வைக்கலாம். ஆஸ்கியின் 18 பிக்சல் குறைந்தது 36 ஆகும், அளக்கப்படுவது அந்தந்த எழுத்துமுறையின் மெய்யெழுத்து உடல் என்று எழுதிவிடலாம்.

இவை யாவும் நிறைவேறினாலும் எட்டாமல் நிற்பவர்கள் உண்டு. இந்தியச் சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழோ இந்தியோ படிப்பது இரண்டாம் மொழியாகவே அமைந்த காது கேளாதோருக்கு, வேகமாக மாறும் வரிகள் முழு அணுகல் ஆகா. 30 வினாடிக்குள் சைகைமொழிபெயர்ப்பாளரின் சாளரத்தை எந்த அளவில், எந்த மூலையில் வைத்தால் அது படிக்கத்தக்கதாக இருக்கும் என்பது, நிற விகிதம்போல் எண்ணில் சொல்லிவிடக்கூடிய ஒன்றல்ல. அதைச் சைகை மொழி பேசுவோரிடம் விளம்பரத்தைப் போட்டுக்காட்டி, மூன்றாவது மாதத்துக்குப் பிறகு வட்டி எவ்வளவு என்று அவர்களிடமே கேட்டுத்தான் அறியமுடியும்.